வெபர் சொன்னது சரியா? பாடன் பட்டியலில் இருந்து பிரஷ்யக் கணக்கெடுப்பு வரை

தமிழினி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். சமயச் சீர்திருத்தம் வரும் இடத்தில் எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும் ஒரே வரிதான்: "புராட்டஸ்டன்ட் நெறி முதலாளித்துவத்தை வளர்த்தது என்றார் மாக்ஸ் வெபர்." அவ்வளவோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

வெபர் 1904-05இல் முன்வைத்த வாதம் எனக்குத் தெரியும். யாருக்கு மீட்பு, யாருக்கு இல்லை என்பதைக் கடவுள் முன்னமே முடிவு செய்துவிட்டார் என்றது கால்வின் வழிப் போதனை. அந்தப் பட்டியலில் தான் இருக்கிறோமா என்று தெரியாத விசுவாசி, ஒழுங்கான உழைப்பில் அதற்கான அடையாளத்தைத் தேடினான். சம்பாதித்ததை ஆடம்பரத்தில் கரைப்பதும் பாவம். அதனால் பணம் மறுபடியும் தொழிலுக்கே போனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மாணவி எழுந்து, "நம்பிக்கை மனசுக்குள்ள இருக்கு, அதை எப்படி மிஸ் அளந்தாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். எந்த ஆவணத்தை எடுத்து, எதோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை செந்தில் எழுதியது:

இது எப்போதோ முடிந்துபோன விவகாரம் மேடம். வெபர் கொடுத்த புள்ளிவிவரமே தப்பு. பள்ளிக்கூடப் பட்டியல் ஒன்றில் கூட்டினால் 100 வராது, 109 வரும். அடிப்படையே தப்பு என்றால் மேலே கட்டியதும் தப்புதானே. அதோடு இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை பச்சோலி வெனிஸில் அச்சிட்டது 1494இல். லூதர் விட்டன்பர்கில் கிளம்பியது 1517இல். ஃப்ளோரன்ஸ், வெனிஸ், புரூஜஸ் எல்லாம் கத்தோலிக்க ஊர்கள். அங்கே வங்கி, மாற்றுச்சீட்டு, கூட்டு வியாபாரம் எல்லாம் ஏற்கனவே இருந்தது. பிறகு எதற்கு கால்வின்?

ஆவணக்காரர் எழுதியது:

செந்தில், 109 விஷயம் உண்மை. ஆனால் அதை வைத்து "முடிந்துபோனது" என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டியலையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தமிழினி கேட்ட கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

தென்மேற்கு ஜெர்மனியில் பாடன் என்று ஒரு நாடு. 1895இல் அதன் மக்களில் 61.3 சதவீதம் கத்தோலிக்கர், 37 சதவீதம் புராட்டஸ்டன்டுகள், 1.5 சதவீதம் யூதர்கள். வெபரின் மாணவர் மார்ட்டின் ஓஃபன்பாகர் அந்த நாட்டின் மதவாரிப் பொருளாதார நிலையை ஆராய்ந்து 1900இல் வெளியிட்டார். எந்த வகை உயர்நிலைப் பள்ளியில் எந்த மதத்துப் பிள்ளைகள் எத்தனை சதவீதம் படித்தார்கள் என்ற பட்டியல் அதில் வருகிறது. நவீன மொழிகளும் கணக்கும் அறிவியலும் முதன்மையாக இருந்த ரியல்கிம்னாசியம் என்ற பள்ளிக்கு நேரே புராட்டஸ்டன்ட் 69, கத்தோலிக்கர் 31, யூதர் 9 என்று போட்டிருக்கிறது. கூட்டினால் 109. அந்த 69 உண்மையில் 59 ஆக இருக்க வேண்டும். வெபர் அதைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டார். 1957இல் சுவீடனைச் சேர்ந்த கர்ட் சாமுவெல்சன்தான் இதைப் பெரிதாக எடுத்துக்காட்டினார்.

திருத்தினாலும் 59, மக்கள்தொகைப் பங்கான 37ஐ விட அதிகம்தானே? ஆகவே அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டுவதால் வெபர் விழுந்துவிடவில்லை. சாமுவெல்சன் வைத்த அடுத்த அடிதான் கனமானது. அந்தப் பள்ளிகள் எங்கே இருந்தன என்று பார்த்தார். பாடன் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை, நகரங்களில் இருந்தன. அந்த நகரங்களிலும் சுற்றுவட்டாரத்திலும் புராட்டஸ்டன்டுகளின் பங்கு 37 சதவீதத்தைவிட மிக அதிகம். தெற்கே கருங்காட்டு மலைக் கிராமத்தில் இருந்த கத்தோலிக்க விவசாயியின் மகனுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளியே இல்லை. பள்ளி இருந்த இடத்து மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வெபர் வைத்திருந்த எண் எதுவாக இருந்தாலும், அதை ஒப்பிட்ட எண் தவறு. தமிழினி, உங்கள் மாணவிக்கு முதலில் இதைச் சொல்லலாம்: மனதை அளப்பதற்கு முன்னால் யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்று கேட்க வேண்டும்.

மேட்டூர் கலா எழுதியது:

அப்படியானால் அந்தப் பட்டியலில் என் கண்ணில் முதலில் படுவது யூதர் நிரல்தான். மக்கள்தொகையில் 1.5, பள்ளியில் 9. இவ்வளவு பெரிய வித்தியாசம் புராட்டஸ்டன்டுகளிடம்கூட இல்லையே. அவர்களுக்கு கால்வினும் இல்லை, லூதரும் இல்லை. ஊரில் வாழ்ந்தவர்கள், வியாபாரத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பதைத்தானே இது காட்டுகிறது?

ஆவணக்காரர் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் கலா. அதே பாடன் தரவில் மூலதன வரி விவரமும் உண்டு. 1,000 புராட்டஸ்டன்டுகளுக்கு வரி விதிக்கத்தக்க மூலதனம் சுமார் 9,54,000 மார்க். 1,000 கத்தோலிக்கருக்கு 5,89,000. 1,000 யூதருக்கு 40 லட்சத்துக்கும் மேல். இதை வெபர் மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த மூன்றாவது எண் தன் வாதத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அங்கே நின்று யோசிக்கவில்லை. நகரத்தில் இருப்பதும் தொழிலும்தான் இதில் பெரும்பங்கு என்றால், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க வித்தியாசத்திலும் அதே பங்கைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

ஜெபராஜ், பாளை எழுதியது:

நான் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கத்தோலிக்கர் சோம்பேறிகள், புராட்டஸ்டன்டுகள் உழைப்பாளிகள் என்பது மாதிரி இந்த விவாதம் போகக்கூடாது. எங்கள் ஊரில் இரண்டு சபையும் பள்ளிக்கூடம் நடத்துகின்றன, இரண்டிலும் நன்றாகப் படித்து வருகிறார்கள்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மா வழி நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. அத்தனை பேரும் வாத்தியார், நர்ஸ், கிளார்க். ஒருத்தர்கூடக் கடை வைத்ததில்லை. எங்கள் சமூகத்திலேயே இந்துக்களாக இருந்த விருதுநகர், சிவகாசிக்காரர்கள்தான் மகமை என்று கடைக்கு இவ்வளவு என வசூலித்துப் பொது நிதி சேர்த்தார்கள். அதில் பேட்டை, பள்ளிக்கூடம் என்று கட்டினார்கள். பிறகு அச்சகம், தீப்பெட்டி எல்லாம் அவர்கள் கையில். புராட்டஸ்டன்ட் ஆனவர்களுக்குப் படிப்பு வந்தது, மூலதனம் வரவில்லை. ஆகவே வெபர் சொன்னது எங்கள் ஊரில் நேர்மாறாக நடந்திருக்கிறது.

புள்ளியியல் ராஜி எழுதியது:

ஜெபராஜ் அண்ணா, யாரையும் சோம்பேறி என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மதத்தின் மதிப்பைப் பற்றிய கேள்வியே இல்லை இது. ஒரு போதனை பொருளாதாரத்தில் ஒரு விளைவை உண்டாக்கியதா என்பதுதான் கேள்வி.

உங்கள் கதை ரொம்ப முக்கியமானது. ஆனால் அதையும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மதம் மாறியவர்களில் பெரும்பாலோர் தெற்கே திருநெல்வேலித் தேரிக்காட்டுப் பனைத் தொழிலாளிகள். விருதுநகர், சிவகாசிக்காரர்கள் வியாபாரம் தேடி வடக்கே போன குடும்பங்கள். மதம் ஒன்றுதான் வேறு, மற்றதெல்லாம் ஒன்று என்றிருந்தால் ஒப்பிடலாம். இங்கே இடம் வேறு, தொழில் வேறு, மதமும் வேறு. மூன்றும் சேர்ந்தே மாறும்போது எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

இந்தச் சிக்கலைத் தாண்ட ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2009இல் சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பிரஷ்யாவின் 452 மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். 1871 கணக்கெடுப்பில்தான் பிரஷ்யா முழுவதும் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள், மதத்தையும் கேட்டார்கள். அதோடு வருமான வரி, ஆசிரியர் சம்பளம், விவசாயம் அல்லாத தொழிலில் இருப்போர் பங்கு எல்லாம் மாவட்டவாரியாகக் கிடைக்கிறது. புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் பொதுவாக வசதியாகவும் இருந்தன, எழுத்தறிவும் அங்கே கூடுதல்.

இங்கேதான் நம் பழைய சந்தேகம் வரும். வசதியான ஊர்கள்தான் புராட்டஸ்டன்ட் ஆனதோ? அதற்கு அவர்கள் பிடித்த வழி, விட்டன்பர்கிலிருந்து அந்த மாவட்டம் எவ்வளவு தூரம் என்பது. லூதரின் போதனை அங்கிருந்து நாலாபுறமும் பரவியது. கிட்ட இருந்த இடங்கள் அதிகமாகவும், தூர இருந்தவை குறைவாகவும் மாறின. விட்டன்பர்க் அதற்கு முன் ஒரு சின்ன ஊர், வியாபார மையம் இல்லை. ஆகவே அந்தத் தூரத்துக்கும் 1871இல் ஒரு மாவட்டத்தின் வசதிக்கும் மதம் என்ற வழியைத் தவிர வேறு தொடர்பு இருக்கக் காரணமில்லை என்பது அவர்கள் வாதம். 1517க்கு முன்பே விட்டன்பர்குக்குக் கிட்ட இருந்த இடங்கள் முன்னேறியிருந்தனவா என்றும் சோதித்தார்கள், அப்படி ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்தத் தூரத்தால் வந்த மத வித்தியாசத்தை மட்டும் எடுத்து வருமானத்தோடு பொருத்திப் பார்த்தால், புராட்டஸ்டன்ட் பக்கம் வசதி கூடுதல்தான் என்று வந்தது.

அவர்கள் சொன்ன காரணம்தான் வேறு. சிக்கனமோ, மீட்பைப் பற்றிய பதற்றமோ அல்ல, வாசிப்பு. ஒவ்வொருவரும் பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்றார் லூதர். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வையுங்கள் என்று 1524இல் நகர சபைகளுக்கு எழுதினார். எழுத்தறிவு தந்த பலனைக் கழித்துவிட்டால் மதத்துக்கென்று தனியாகப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்கிறார்கள்.

ஜெபராஜ், பாளை எழுதியது:

இதைத்தானே நானும் சொன்னேன் தங்கச்சி. படிப்பு வந்தது!

கோவை செந்தில் எழுதியது:

எழுத்தறிவுதான் காரணம் என்றால் வெபர் தோற்றார் என்றுதானே அர்த்தம்? அதோடு கன்டோனி என்பவர் ஜெர்மன் நகரங்களை எடுத்துப் பார்த்து ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறாரே.

புள்ளியியல் ராஜி எழுதியது:

டேவிடே கன்டோனி, 2015. பழைய புனித ரோமப் பேரரசின் 272 நகரங்கள், 1300 முதல் 1900 வரை. புராட்டஸ்டன்ட் ஆன நகரம், ஆகாத நகரம் இரண்டின் மக்கள்தொகை வளர்ச்சியையும் சீர்திருத்தத்துக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டார். வித்தியாசம் இல்லை. அவர் கையில் இருந்தது மக்கள்தொகை மட்டும். 1600இல் ஒரு நகரத்துக்காரரின் வருமானம் என்ன என்று சொல்லும் தரவு எங்கும் கிடையாது, அதனால் ஊர் பெருத்ததா என்று பார்த்தார். ஊர் பெருக்காமலே ஆட்கள் வசதியாகியிருக்கலாம். ஆகவே அவர் முடிவும் பெக்கர், வோஸ்மன் முடிவும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் அளந்தது இரண்டு வேறு பொருள்.

பெக்கர், வோஸ்மன் வேலையில் எனக்கு இருக்கும் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் இருந்த கருவி ஒன்றுதான், விட்டன்பர்க் தூரம். மதம், எழுத்தறிவு என்று இரண்டு காரணங்களை ஒரே கருவியால் பிரிக்க முடியாது. அதனால் எழுத்தறிவு வருமானத்தை எவ்வளவு கூட்டும் என்பதை மற்ற ஆய்வுகளைப் பார்த்து ஒரு அளவாக வைத்துக்கொண்டு கழித்தார்கள். அந்த அளவு நியாயமானதுதான். ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது, பிரஷ்யத் தரவு தானாகச் சொன்னதல்ல.

ஆவணக்காரர் எழுதியது:

ராஜி சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். என் பார்வையில் இந்த விவாதத்தின் கனமான இடமே அதுதான். 1871இல் பிரஷ்யாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கத்தோலிக்கர் இரண்டு ஓரங்களில் இருக்கிறார்கள். மேற்கு ஓரம் ரைன்லாந்து: ஆகன், கொலோன் பக்கம். ஜெர்மன் பேசுபவர்கள், ஆலை நிறைந்த பகுதி. கிழக்கு ஓரம் போசன், மேற்குப் பிரஷ்யா, மேல் சைலேசியா. அங்கே கத்தோலிக்கர் என்றால் பெரும்பாலும் போலிஷ் பேசுபவர்கள். போலந்தைக் கூறுபோட்டபோது பிரஷ்யா விழுங்கிய நிலம் போசன். ஆகவே கணக்கெடுப்பில் "கத்தோலிக்கர்" என்ற கட்டத்துக்குள் ஒரு பெரிய பங்கு "போலிஷ்காரர்" என்று ஒளிந்திருக்கிறது.

மொத்தமாக 452 மாவட்டத்தையும் ஒரே கோட்டில் பொருத்தும்போது, கத்தோலிக்க மாவட்டம் ஏழ்மை என்று வருவது போசனால் வருகிறதா, ஆகனால் வருகிறதா என்று தெரியாது. விட்டன்பர்க் தூரமும் இதில் காப்பாற்றாது. விட்டன்பர்கிலிருந்து கிழக்கே விலகிப் போகப் போக, கத்தோலிக்கர் மட்டுமா கூடுகிறார்கள்? போலிஷ் மொழியும் கூடுகிறது. தூரம் மதத்தின் வழியாக மட்டுமே வேலை செய்கிறது என்ற நிபந்தனை அந்த இடத்தில் உடைகிறது.

2020இல் ஃபெலிக்ஸ் கெர்ஸ்டிங், ஐரிஸ் வோன்சீட்லர், நிக்கோலாஸ் வுல்ஃப் மூவரும் மொழியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதே பிரஷ்யாவைத் திரும்ப ஆராய்ந்தார்கள். சேமிப்பையும் பார்த்தார்கள், ஏனென்றால் வெபரின் வாதத்தில் சிக்கனமும் சேமிப்பும்தானே உயிர்நாடி. வந்த விடை: வருமானம், சேமிப்பு, எழுத்தறிவு மூன்றிலும் வித்தியாசம் ஜெர்மானியருக்கும் போலிஷ்காரருக்கும் நடுவில் இருக்கிறது, புராட்டஸ்டன்டுக்கும் கத்தோலிக்கருக்கும் நடுவில் இல்லை. போலிஷ்காரர் மீது அரசு காட்டிய பாகுபாடுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கருத்து.

இதில் வெபர் எங்கே வருகிறார் என்றால், 1895இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பதவியேற்றபோது ஆற்றிய உரையில் இதே கிழக்கு எல்லையைப் பற்றித்தான் பேசினார். மேற்குப் பிரஷ்யாவில் யார் ஜெர்மானியர், யார் போலிஷ்காரர் என்று பிரிப்பதற்கு அவர் பயன்படுத்தியது மதக் கணக்கு. கத்தோலிக்கர் என்றால் போலிஷ், புராட்டஸ்டன்ட் என்றால் ஜெர்மன், பிழை கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டு மேலே போனார். அந்த நிலத்தில் மதமும் தேசியமும் எவ்வளவு ஒட்டிக்கிடந்தன என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மேட்டூர் கலா எழுதியது:

ஒரு சந்தேகம் ஐயா. போலிஷ்காரர் மீதான கெடுபிடி என்று நாம் படிப்பதெல்லாம் பிஸ்மார்க் காலத்தில். பள்ளிகளில் ஜெர்மன் மொழியைத் திணித்தது 1870களில், ஜெர்மானியரைக் குடியேற்ற ஆணையம் வைத்தது 1886இல். எழுத்தறிவை எடுத்தது 1871இல். அன்றைக்கு 40 வயதில் இருந்தவர் பள்ளிக்குப் போக வேண்டிய காலம் 1830கள், 40கள். பின்னால் வந்த பாகுபாடு முன்னால் இருந்த எழுத்தறிவைக் குறைக்க முடியாதே?

ஆவணக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி. இதற்கு முழு விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். பிரஷ்யா கிராமப் பள்ளிக்குச் சட்டம் போட்டு எல்லோரும் பிள்ளைகளை அனுப்பச் சொன்னது 1763இல். அப்போது போசன் பிரஷ்யாவில் இல்லை, போலந்தில் இருந்தது. 1793இல் வந்து, நெப்போலியன் காலத்தில் கைமாறி, 1815இல்தான் நிரந்தரமாக வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டு பள்ளிகள் பின்தங்கிய நிலம். அதை 1871 எழுத்தறிவில் பார்க்கிறோம் என்றால் அதற்குக் காரணம் கத்தோலிக்க மதமும் இல்லை, பிஸ்மார்க்கும் இல்லை, எந்த ஆண்டு எந்த அரசின் கீழ் வந்தது என்பதுதான். வருமானமும் சேமிப்பும் வேறு கதை. அவை 1870களுக்குப் பிந்தைய தரவு, பாகுபாடு அங்கே நேராகவே வேலை செய்திருக்கலாம்.

புள்ளியியல் ராஜி எழுதியது:

ஆனால் அந்த 1763 சட்டத்தைப் போட்டது யார்? புராட்டஸ்டன்ட் அரசு. ஹாலே நகரத்து லூத்தரன் பக்தி இயக்கத்தார் நடத்திய பள்ளிகளில் ஊறிய அதிகாரிகள். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடி வந்து இறங்கி முதலில் செய்த வேலைகளில் ஒன்று பள்ளிக்கூடம் வைத்தது. அரசு வழியாக வந்த எழுத்தறிவு என்று நீங்கள் பிரித்துவைத்தால், லூதர் அந்தப் பக்கம் கதவு வழியாகத் திரும்ப உள்ளே வருகிறார். மதத்தையும் அரசையும் இங்கே பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

லண்டன் சிவம் எழுதியது:

எல்லாரும் பிரஷ்யாவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். நான் கேக்கிறது ஒண்டு. வெபர் சொன்னது பிரஷ்ய லூத்தரன் விவசாயியைப் பற்றியே? இல்லையே. அவர் சொன்னது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, நியூ இங்கிலாந்தில இருந்த, கால்வின் வழிப் பியூரிட்டன்களைப் பற்றி. லூதரில இருந்து அந்த உந்துதல் வரயில்லை எண்டு அவரே எழுதியிருக்கிறார். இன்னுமொண்டு, முதலாளித்துவம் ஒருக்கால் நிலைச்ச பிறகு அதுக்கு மதம் தேவையில்லை, அது தன்ர பாட்டில ஓடும் எண்டும் சொன்னவர். அப்ப 1871 கணக்கெடுப்பை வைச்சு அவரைச் சோதிக்கிறது என்ன நியாயம்? 452 மாவட்டம் எண்டு பெரிய தரவு இருக்கிறதால அங்க போய் தேடுறீங்கள்.

சோதிக்கிறதெண்டால் பியூரிட்டன் வியாபாரி எழுதி வைச்சதைப் பாக்கோணும். பொஸ்ரன் நகரத்தில ரொபேட் கீன் எண்டு ஒருவர் இருந்தார். 1639இல ஆணி, தங்கப் பொத்தான், கடிவாளம் போன்ற சாமான்களை அளவுக்கு மிஞ்சின விலைக்கு வித்தார் எண்டு வழக்குப் போட்டு, அபராதமும் விதிச்சு, சபையில எல்லாருக்கும் முன்னால கண்டிச்சவை. போதகர் ஜோன் கொற்றன், ஏலுமான அளவு கூட விலைக்கு விக்கலாம் எண்ட நினைப்பே பிழை எண்டு பிரசங்கம் வைச்சார். 1653இல கீன் தன்ர மரணசாசனத்தை எழுதத் தொடங்கினார், நூற்றுக்கும் கூடின பக்கம். அதில கனக்க இடத்தில தன்னை நியாயப்படுத்திறார். தன்ர கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கோ, நான் ஒரு நாளும் சோம்பலா வாழேல்லை எண்டதுக்கு அதுகளே சாட்சி எண்டு மன்றாடுறார். மனசை எப்படி அளக்கிறது எண்டு அந்தப் பிள்ளை கேட்டதெல்லே? இப்படித்தான்.

கோவை செந்தில் எழுதியது:

சிவம் அண்ணா, இது உங்களுக்கு எதிராகத்தானே போகிறது? பியூரிட்டன் சபை வியாபாரிக்கு விலங்கு போட்டிருக்கிறது. லாபத்துக்கு அபராதம். இதுவா முதலாளித்துவத்தை வளர்த்த மதம்?

லண்டன் சிவம் எழுதியது:

சபை விலையைக் கட்டுப்படுத்தினது உண்மைதான், மறுக்கேல்லை. ஆனா அந்த மனுசன் சாகப்போற நேரத்தில கணக்குப் புத்தகத்தை ஆன்மாவுக்குச் சாட்சியாக் கொண்டுவாறார், அதைப் பாருங்கோ. வெபர் சொன்ன ஆள் அவர்தான். போதகர் என்ன பிரசங்கிச்சார் எண்டது ஒரு விசயம், கேட்டுக்கொண்டிருந்தவன்ர மனசில அது என்னவா மாறினது எண்டது வேற விசயம். வெபர் பேசினது இரண்டாவதைப் பற்றி.

புள்ளியியல் ராஜி எழுதியது:

சிவம் அண்ணா, கீன் கதை என்னைத் தொடுகிறது. ஆனால் ஒரே காலத்தில் வெனிஸ் கத்தோலிக்க வியாபாரி ஒருவரின் சாசனத்தையும் பக்கத்தில் வைக்காமல் இது பியூரிட்டனின் குணமா, கணக்கு எழுதும் எந்த வியாபாரியின் குணமுமா என்று எப்படிச் சொல்வீர்கள்? கணக்கேட்டின் முதல் பக்கத்தில் கடவுள் பெயரை எழுதிவிட்டுத் தொடங்கும் வழக்கம் இத்தாலிய வியாபாரிகளிடமும் உண்டு. ஒப்பிட ஆள் இல்லாத சாட்சி, பாடன் பட்டியல் மாதிரிதான் ஆகிவிடும்.

அதோடு கெட்டுப்போகாமல் நமக்கு வந்து சேர்ந்தது யாருடைய சாசனம் என்பதும் இருக்கிறது. எழுதி வைத்தவர்கள், வெற்றி பெற்றவர்கள், வழக்கில் சிக்கியவர்கள்தான் ஆவணத்தில் கிடைப்பார்கள். பேசாமல் வியாபாரம் செய்துவிட்டுப் போன பியூரிட்டன் கிடைக்க மாட்டார்.

லண்டன் சிவம் எழுதியது:

அது நியாயமான கேள்வி. ஆனா ஒப்பிட ஆள் வேணும் எண்டால் ஸ்கொட்லாந்தைப் பாருங்கோ. கால்வின் போதனை இங்கிலாந்தைவிட அங்க இறுக்கம், ஆனா 17ஆம் நூற்றாண்டில நாடு வறுமை. வெபருக்கு எதிரா எல்லாரும் தூக்கிப் பிடிக்கிற உதாரணம் இது. கோர்டன் மார்ஷல் 1980இல இதை எடுத்து, ஹடிங்டனுக்குக் கிட்ட நியூமில்ஸ் எண்ட இடத்தில 1681இல தொடங்கின துணி ஆலையின்ர பதிவேடுகளைப் பாத்தார். அந்த முதலாளிமாரிட்ட வெபர் சொன்ன ஒழுங்கும் கணக்கும் இருந்தது, மூலதனம், சந்தை, அரசுக் கொள்கை மற்றப் பக்கத்தால இழுத்தது எண்டதுதான் அவர்ர முடிவு. மனப்பான்மை இருந்தும் நாடு வளரேல்லை எண்டால் வெபர் பிழை எண்டு ஆகாது. மனப்பான்மை மட்டும் காணாது எண்டுதான் ஆகும்.

மேட்டூர் கலா எழுதியது:

அப்படிச் சொன்னால் எந்தச் சான்று வந்தாலும் வெபர் தப்பித்துவிடுவாரே. வளர்ந்தால் மதத்தால், வளராவிட்டால் மற்ற காரணங்களால் என்று. என்ன கிடைத்தால் வெபர் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை முன்கூட்டியே சொல்லுங்கள் சிவம் அண்ணா.

லண்டன் சிவம் எழுதியது:

ஒரே நகரம், ஒரே தொழில், ஒரே காலம். கால்வின் வழிக்காரரின்ர கணக்கேடும் கத்தோலிக்கரின்ர கணக்கேடும். லாபத்தில எத்தனை பங்கைத் தொழிலுக்குத் திருப்பிப் போட்டவை எண்டு பாத்து இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையெண்டால் ஒப்புக்கொள்ளுவன். சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டு சபையும் சேந்திருந்த ஒரு நகரத்தில, ஔக்ஸ்பேர்க் மாதிரி, தேடலாம். ஆனா அங்க புராட்டஸ்டன்ட் எண்டால் லூத்தரன், கால்வின் வழி இல்லை. அதுதான் கஷ்டம்.

ஆவணக்காரர் எழுதியது:

கலாவின் கேள்வியும் சிவத்தின் பதிலும் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. என் பங்குக்கு ஒரு இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன், தமிழினி வகுப்பில் வரைபடம் போட உதவும்.

கிழக்குப் பிரஷ்யாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பகுதிகள். எர்ம்லாந்து, பிஷப்பின் ஆட்சியில் போலந்து மன்னரின் கீழ் 1772 வரை இருந்ததால் கத்தோலிக்கமாகவே நின்றது. ஆனால் அதன் வடக்கே ப்ரவுன்ஸ்பெர்க், ஹைல்ஸ்பெர்க் மக்கள் ஜெர்மன் பேசினார்கள். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் மசூரியா. அதன் ஆட்சியாளரான ஆல்பிரெக்ட் கோமகன் 1525இல் லூத்தரன் ஆனதால் மக்களும் லூத்தரன் ஆனார்கள், பேசியதோ போலிஷ். விட்டன்பர்கிலிருந்து ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் முதலில் மாறிய நிலங்களில் ஒன்று அது. தூரம் என்ற கருவி அங்கே செல்லாது, ஆட்சியாளரின் முடிவுதான் மதத்தைத் தீர்மானித்தது. ஜெர்மன் பேசும் கத்தோலிக்கர் ஒருபுறம், போலிஷ் பேசும் புராட்டஸ்டன்டுகள் மறுபுறம், நடுவே ஒரு எல்லைக்கோடு. மொழியையும் மதத்தையும் பிரித்துக் காட்ட வல்ல இடம் பிரஷ்யாவிலேயே இதுதான். சிக்கல் என்னவென்றால், இரண்டு பக்கமும் சேர்த்து மாவட்டங்கள் கொஞ்சம்தான். மண்ணும் வேறு, மசூரியாவில் ஏரியும் மணலும் காடும். 452இல் இந்தச் சிலவற்றை மட்டும் வைத்து உறுதியாக ஒரு முடிவுக்கு வர யாரும் துணிய மாட்டார்கள்.

தமிழினி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை பாடன் பட்டியலைக் கரும்பலகையில் 69 என்றே எழுதிப் போட்டு, அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லப் போகிறேன். 109 வரும்போது என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடுத்து அந்தப் பள்ளிகள் எந்த ஊரில் இருந்தன என்று கேட்பேன்.

ஆவணக்காரர் ஐயா, 1890 கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்டார்கள் என்று படித்தேன். எர்ம்லாந்து, மசூரியா மாவட்டங்களின் மொழி எண்களும் 1871 எழுத்தறிவு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்குமா? கிடைத்தால் பிள்ளைகளிடமே கொடுத்து வரைபடத்தில் வண்ணம் தீட்டச் சொல்வேன்.

ஆவணக்காரர் எழுதியது:

பிரஷ்யப் புள்ளியியல் அலுவலகத்தின் பழைய தொகுதிகளில் மாவட்டவாரியாக இருக்கின்றன, பல நூலகங்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன. பழைய ஜெர்மன் அச்செழுத்து கொஞ்சம் கண்ணைக் கட்டும். ப்ரவுன்ஸ்பெர்க், ஹைல்ஸ்பெர்க், ரோசல், ஆலன்ஸ்டைன் ஒரு பக்கம். ஓர்டெல்ஸ்பர்க், யோஹானிஸ்பர்க், லிக் இன்னொரு பக்கம். இந்த ஏழிலிருந்து தொடங்குங்கள். ஆலன்ஸ்டைனை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே கத்தோலிக்கரிலேயே போலிஷ் பேசுபவர்கள் நிறைய.